உங்க வீட்டுச் சுவர் எந்த ஊர்?

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் போட்டோவும் வந்தன. முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படியோடு மட்டும்தான் இன்னும் சண்டை. ஐயா திண்ணையில் நிற்கிற அந்தப் படத்தை ரெண்டு நாளாக லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டைல்ஸ் எல்லாமே இத்தாலி என்று உன் தம்பி சொல்கிறானாமே. தரையையும் சுவரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டான்.

தரை, நம்ம ஆத்தங்குடிக் கல். பூவில் ரெண்டு நிறம் சந்திக்கும் ஓரத்தைப் பார், ஒன்று மற்றதற்குள் லேசாகக் கசிந்திருக்கும். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, கையாலேயே சிமெண்டுக் கலவையை ஊற்றினால் அப்படித்தான் வரும். சூளையில் சுடுவதே கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே பதிந்துவிடுவதால் வெளிச்சம் அதன் மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரே சீராகப் பரவுகிறது.

சுவரில் அப்படி இல்லை. ரோஜா இதழின் மேட்டில் மட்டும் புள்ளி புள்ளியாய் மினுக்குகிறது. மேட்டில் நிறம் வெளிறியும், பள்ளத்தில் இருண்டும் இருக்கிறது, கவனித்தாயா? பூ புடைத்து நிற்கும்படி அச்சில் அழுத்தி, நிறமுள்ள கண்ணாடிப் பூச்சு தடவிச் சுட்டது அது. சூளையில் பூச்சு உருகி மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். மஜோலிகா என்பார்கள். இங்கிலாந்தில் மின்டன் கம்பெனி 1851 லண்டன் கண்காட்சியில் வைத்துப் பேர் வாங்கிய சரக்கு. பிறகு ஜப்பான்காரர்கள் அதே பூ, அதே ஆறங்குல அளவில் செய்யத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு வருவது தடைப்பட, 1920, 30களில் சந்தை அவர்கள் பக்கம் சாய்ந்தது.

ரோஜாவை மட்டும் வைத்து இங்கிலாந்தா ஜப்பானா என்று போட்டோவில் சொல்ல முடியாது. ஆனால் நிலைக்கு மேலே ஒரு லட்சுமி இருக்கிறாளே, அவளைத்தான் நான் நம்புகிறேன். இந்தியாவுக்கென்றே சாமி படம் போட்டு அனுப்பியவர்கள் ஜப்பான்காரர்கள். பக்கத்து ரோஜாவும் அவளோடு ஒரே கப்பலில் வந்திருக்கலாம். அது ஊகம்தான்.

மூலையில் நிற்கும் ஊறுகாய் ஜாடியை விட்டுவிடு. மேலே பழுப்பு, கீழே வெளுப்பு, குட்டைக் கழுத்து. இந்த உருவத்தில் சீமையிலும் செய்தார்கள், நம் நாட்டிலும் செய்தார்கள்.

பழஞ்சாமான் கடை ஒன்றில் 'அசல் இத்தாலி' என்று நானும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்துச் சுண்ணாம்பை ஊறவைத்துச் சுரண்டினால், 'மேட் இன் ஜப்பான்'! உங்க அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அதனால், பரணில் உதிரியாக ஏதாவது கிடந்தால் திருப்பிப் படம் எடுத்து அனுப்பு. சுவரில் இருப்பதைப் பெயர்க்க வேண்டாம், உடைந்துவிடும். கொத்தனார் வருவதற்குள் தேடு, அவர் கையில் கிடைத்தால் ஜல்லியோடு போய்விடும்.

அன்புடன்,
ராமு