சனிக்கிழமை பாய் விளையாட்டு: ஒரு மாற்றம்

எல்லோருக்கும் வணக்கம். எல்லீஸ் நகர் பிள்ளைகளுக்காக, பாயைச் சாலையாக வைத்துக் கடந்து பழகும் விளையாட்டு இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, வழக்கமான மொட்டை மாடியில்.

போன வாரம் ஒன்றைக் கவனித்தேன். பச்சை மனிதன் அட்டையைக் காட்டியதும் ஒரு குட்டிப்பையன் விறுவிறுவென்று நடந்தான். முகம் முழுக்க அட்டையிலேயே. இடப்பக்கம் திரும்பும் ஆட்டோவாக வந்த அக்கா அவன்மேல் மோதியே விட்டாள். நம் ஊரில் சிவப்பு விழுந்தாலும் இடது பக்கம் திரும்பும் வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லையே. அதனால் இனி பச்சை வந்தாலும் உடனே கால் வைக்கக் கூடாது. முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது. நடுக்கோட்டில் இடப்பக்கம் மீண்டும் ஒரு பார்வை. பச்சை மினுக்கத் தொடங்கினால், பாயில் ஏறாதவர் ஏறக் கூடாது. பாதி வந்தவர் நடந்து முடிக்க வேண்டும், திரும்பி ஓடக் கூடாது.

பாய்க்குப் பழைய பிளக்ஸைத் திருப்பிப் போட்டுக் கோடு வரைந்திருக்கிறோம். டைல்ஸில் வழுக்குகிறது, ஓரத்தில் ஒட்ட அகலமான டேப் ஒன்று யாராவது கொண்டுவாருங்கள்.

அப்புறம், பாயில் சரியாகச் செய்கிறான் என்று சின்னப் பிள்ளையைத் தனியாக ரோட்டுக்கு விட்டுவிடாதீர்கள். வரும் பைக்கின் வேகத்தைக் கணிக்க அந்த வயதில் வராது. கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள்.