முடிவு தெரிந்த படம் வேண்டாம் என்கிற கமிட்டிக்கு

சொசைட்டி கல்சுரல் கமிட்டியாருக்கு, பி விங்கிலிருந்து வணக்கம்.

இனி மொட்டை மாடி சினிமாவில் காதல் காமெடி கிடையாது, "முடிவுதான் முதல் ரீலிலேயே தெரிந்துவிடுகிறதே" என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பிழைப்பவன் நான். ஒரே படத்தை நாலைந்து தடவை பார்ப்பது என் தொழில். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் என் முன்வரிசையில் இருந்த ஏ விங் மாமி, "பாருங்கோ, இப்ப அவன் திரும்பி வருவான்" என்று சத்தமாகவே சொன்னார். அவன் வந்தான். மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவு தெரிந்தது அவருக்கு எந்த விதத்தில் இடைஞ்சலாக இருந்தது? நம்மூர் நாடக மேடையில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். வள்ளி யாரைக் கட்டிக்கொள்வாள் என்ற சந்தேகத்தில் யாரும் அங்கே பாய் விரித்ததில்லை. இன்று வள்ளி நாரதருக்கு என்ன பதில் சொல்லி மடக்கப்போகிறாள் என்று கேட்கத்தான் போனார்கள்.

இந்த வகைப் படமும் அப்படித்தான். 'சேருவார்களா' என்பது அங்கே கேள்வியே இல்லை. இந்த இரண்டு பேர், இந்தக் குணத்தோடு, எப்படிச் சேர முடியும் என்பதுதான் கேள்வி. 1934-ல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய்க்காரர்கள் இதே கதையை 1956-ல் 'சோரி சோரி' என்றும், 1991-ல் 'தில் ஹை கே மான்தா நஹீ' என்றும் மறுபடி எடுத்தார்கள்.

அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் பணக்காரப் பெண்ணும் வேலை போன நிருபரும் ராத்திரி பஸ்ஸில் ஒரு சீட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். சினிமாக்காரர்கள் 'மீட்-க்யூட்' என்பது இதைத்தான். வெறும் மோதல் என்றால் அதில் ஒன்றுமில்லை. அவளுக்குக் கேட்டது கிடைத்தே பழக்கம், அவனுக்கு யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. பின்னால் வரப்போகிற தகராறு முழுவதும் அந்த ஒரு சீட்டில் இருக்கிறது. (ஒரு பெண்ணை மூன்று தெரு துரத்துவதைச் 'சந்திப்பு' என்று காட்டும் நம் படங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.)

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் பிரிவுதான். முக்கால்வாசிப் படம் போனதும் ஒரு தப்பர்த்தம் வந்தாக வேண்டும். அங்கே நான் ஒன்று கேட்டுப் பார்ப்பேன்: ஒரு போன் போட்டால் இது தீருமா? தீரும் என்றால் கதாசிரியர் ஏமாற்றுகிறார். காப்ரா படத்தில் அது தீராது. அவளைக் கட்டிக்கொள்ளக் கையில் காசில்லையே என்று, அவள் தூங்கும்போது பத்திரிகைக்குக் கதை விற்கக் கிளம்பிவிடுகிறான். விடுதிக்காரர்கள் அவளை எழுப்பி வெளியே அனுப்புகிறார்கள். கைவிட்டுவிட்டான் என்று நினைத்து அவள் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். அவன் பணத்தோடு திரும்பி வரும்போது, எதிரே அப்பாவின் காரில் போகிறாள். கண்ணால் பார்த்ததை வைத்து இரண்டு பேரும் நியாயமாகத்தான் நினைத்தார்கள். முழு விஷயமும் தெரிந்தது நமக்கு மட்டும். அந்தத் தவிப்பு முடிவு தெரிந்தவருக்குத்தான் வரும். மாமி முன்கூட்டியே சொன்னது அந்தத் தவிப்பில்தான்.

கடைசியில் வரும் பெரிய காரியம், அந்தப் பிளவின் மேலேயே போய் விழ வேண்டும். பொய் சொன்னதால் பிரிந்தவன் ஏர்போர்ட்டில் ஓடி என்ன பயன்? இந்தப் படத்தில் அவன் ஓடவே இல்லை. வேறொருவனோடு அவளுக்கு நடக்கும் கல்யாணத்தன்று அவள் அப்பாவிடம் போய் ஒரு பில்லை நீட்டுகிறான். மகளைக் கண்டுபிடித்ததற்கு 10,000 டாலர் பரிசு காத்திருக்கிறது. அவன் கேட்பது வழிச்செலவு, 39 டாலர் 60 சென்ட் மட்டும். பணத்துக்காகப் பழகினான் என்ற சந்தேகத்தை அந்தச் சில்லறைக் கணக்கு உடைத்துவிடுகிறது. ஓடுகிற வேலை அவளுடையது, மணமேடையிலிருந்து.

ஆக, வடிகட்டுவதென்றால் வடிகட்டுங்கள். போனில் தீரும் பிரிவையும் காரணமில்லாத ஓட்டத்தையும் தள்ளிவிடுங்கள். நூறு பேர் முன்னால் மண்டியிட்டு, 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு வழியே வைக்காதவனையும் சேர்த்தே தள்ளலாம். முடிவு தெரியும் என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் இந்தப் படத்தைப் போட்டால் தமிழ் சப்டைட்டிலை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஒரு வேண்டுகோள்: இதில் விடுதி அறையில் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அது கீழே விழுவதுதான் கடைசிக் காட்சி. போன தடவை கடல்காற்றில் நம் திரைவேட்டி பாதிப் படத்திலேயே அவிழ்ந்து விழுந்தது. இந்த முறை கிளிப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.