கரைந்துபோன சர்க்கரைக்கும் கணக்குக் காட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லையோரக் கடைக்காரர்களின் வெள்ளச் சேதம் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள், இன்சூரன்ஸ் இருந்தும் பலருக்குப் பணம் சரியாக வரவில்லை என்பதோடு அது முடிந்துவிட்டது. ஏன் வரவில்லை என்பது என் கடையில் நடந்ததை வைத்து எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊத்துக்கோட்டையில் மளிகைக் கடை. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் இங்கே ஆரணி ஆற்றில் தண்ணீர் ஏறும், அது எங்களுக்குப் பழக்கம். போன மழைக்காலத்தில் அது ராத்திரியோடு ராத்திரியாகக் கடைக்குள்ளேயே வந்து இரண்டரை அடி நின்றது. மறுநாள் கதவைத் திறந்ததும் நான் செய்தது, கையில் கிடைத்ததையெல்லாம் செல்போனில் படம் எடுத்து, "மளிகைப் பொருட்கள் சேதம், சுமார் 2 லட்சம்" என்று ஒரே வரியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பியது. நாற்பது படங்களை ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளினேன்.

உடனே தகவல் சொன்னது சரிதான், அதைத் தள்ளிப்போடவே கூடாது. கிளெய்ம் எண் அன்றே வந்துவிட்டது. ஆனால் அந்த மெயிலை வைத்து ஒரு ரூபாய்கூட மதிப்பிட முடியாது என்று சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் என் கடையை முன்பின் பார்த்ததில்லை. எந்தப் படம் எந்தச் சரக்கு, அதை என்ன விலைக்கு வாங்கினேன், வாங்கியதற்கு என்ன ஆதாரம், இந்த மூன்றும் அவர் கையில் ஒரே கோட்டில் சேர வேண்டும்.

இரண்டாவது மெயிலை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சப்ஜெக்டில் பாலிசி எண், கிளெய்ம் எண், "வெள்ளத்தில் சரக்குச் சேதம்", அவ்வளவுதான். உள்ளே நாலு வரியில் தண்ணீர் வந்த தேதி, நேரம், நின்ற உயரம். அப்புறம் பட்டியல். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரிசை எண், மூட்டைக் கணக்கு, வாங்கிய விலை, பில் எண், தேதி. படங்களுக்கும் அதே வரிசை எண்ணையே பெயராக வைத்தேன். மூன்றாவது வரி சர்க்கரை என்றால் படம் `03-sugar-1.jpg`, `03-sugar-2.jpg` என்று இருக்கும். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் போகும் என்பதால் மூன்று மெயிலாகப் பிரித்து, 1/3, 2/3 என்று சப்ஜெக்டிலேயே போட்டேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற விவரமும் அதிலிருந்து போய்விடும். போனில் இருக்கும் அசல் படத்தையே மெயிலில் இணைக்க வேண்டும்.

சர்க்கரைதான் என்னைப் படுத்திவிட்டது. பத்து மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. படம் எடுக்க அங்கே சர்க்கரையே இல்லை, எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. சாக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சப்பையாக ஒட்டிக் கிடந்தன, தரை பிசுபிசுவென்று காலைப் பிடித்தது. குப்பை என்று அவற்றைத் தூக்கிப் போட இருந்தேன், என் மனைவிதான் தடுத்தாள். பத்துச் சாக்கையும் வரிசையாக விரித்து, மேலே அச்சிட்ட ஆலை முத்திரையும் எடையும் தெரிகிற மாதிரி ஒரு படம், சுவரில் தண்ணீர் நின்ற கறைக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்து ஒரு படம். மூட்டை 2,050 ரூபாய் என்று கொள்முதல் பில்லும் இருந்தது. அந்த 20,500 ரூபாயைச் சர்வேயர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

சிக்கல் வந்தது அரிசியில். நாற்பது மூட்டை நனைந்துவிட்டது, எல்லாம் 26 கிலோ மூட்டை. 25 கிலோ வரைக்கும்தான் ஜிஎஸ்டி என்பதால் மில்காரர்கள் 26 கிலோவாகக் கட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரை பில் தவிர மற்ற பில்லெல்லாம் மேசை அறையில் இருந்து நனைந்து கூழாகிவிட்டது. சோப்பு போன்ற வரி உள்ள சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B என்ற கொள்முதல் அறிக்கையை எடுத்தால், சப்ளையர் கணக்குக் காட்டிய பில் எல்லாம் எண்ணோடும் தேதியோடும் வந்துவிடும், நானும் அப்படித்தான் மீட்டேன். வரி இல்லாத அரிசி அதில் வராது. நான் வாங்குவது நெல்லூர்ப் பக்கத்து வியாபாரியிடம், அவர் தருவது தெலுங்கில் எழுதிய துண்டுச் சீட்டு. கடைசியில் அவரிடம் கெஞ்சி முறையான பில் நகல் வாங்கி, நான் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட் வரியையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த 52,000 ரூபாயும் கைவிட்டுப் போயிருக்கும்.

விலை விஷயத்திலும் முதலில் தப்புப் பண்ணினேன். போர்டில் எழுதி விற்கிற விலையைப் போட்டேன். சரக்குக்குக் கிடைப்பது வாங்கிய அடக்க விலைதான், லாபத்துக்குக் கிடையாது. விற்பனை விலையில் பட்டியல் போட்டால் மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

பக்கத்துக் கடைக்காரர் நாற்றம் தாங்காமல் இரண்டாம் நாளே பருப்பு மூட்டைகளைக் கொட்டிவிட்டார், அவருக்குப் பருப்புக் கணக்கில் ஒன்றும் வரவில்லை. நானும் மூன்றாம் நாள் அந்த நிலைக்கு வந்தேன். ஆனால் முந்தின நாளே, "நாளைக் காலை 10 மணிக்குக் கெட்டுப்போனதை அப்புறப்படுத்தப் போகிறோம், அதற்கு முன் வந்து பாருங்கள்" என்று மெயில் போட்டேன். சர்வேயர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். நனையாததைத் தனியாக எடுத்து மேலே அடுக்கி வைத்திருந்ததையும் குறித்துக்கொண்டார். மிச்சத்தைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது.

இத்தனை செய்தும் முழுப் பணம் வரவில்லை, அதற்குக் காரணம் மெயில் அல்ல. பட்டியலில் மொத்தச் சேதம் 1,60,000. மாட்டுத் தீவனத்துக்கு விலைபோகும் என்று நனைந்த அரிசிக்கும் பருப்புக்கும் 16,000 கழித்தார்கள், மீதி 1,44,000. அப்புறம்தான் நான் யோசிக்காத கேள்வி வந்தது. வெள்ளத்தன்று கடையில் நனைந்தது, நனையாதது எல்லாம் சேர்த்து எவ்வளவுக்குச் சரக்கு இருந்தது? 8 லட்சம். நான் இன்சூர் செய்திருந்தது 6 லட்சத்துக்கு. முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு என்பதால் சேதத்திலும் முக்கால் பங்குதான், 1,08,000. அதிலும் பாலிசியில் போட்டிருந்த பிடித்தம் போய்த்தான் கைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் இப்படிக் குறைக்கமாட்டார்கள், என் குறைவு 25. மூன்று வருடம் முன்பு போட்ட தொகையையே நானும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன், ஏஜென்டும் கேட்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் கடையில் சரக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அவரிடம் நானே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்த மெயிலின் மாதிரியையும் பட்டியலையும் என் பாலிசி எண்ணை மட்டும் மறைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு பக்கம் ஒதுக்கி அப்படியே அச்சிட்டால், எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் வெட்டி எடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
மளிகை வியாபாரி,
ஊத்துக்கோட்டை