மதில் விழுந்த இரவில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கார்த்திகை அடைமழையில், எமது தொடர்மாடியின் பின்பக்க மதில் ஏறக்குறைய 40 அடி நீளத்துக்குச் சரிந்து, தரிப்பிடத்தில் நின்ற கார்கள், மோட்டார் சைக்கிள்கள், ஓர் ஆட்டோ எல்லாவற்றின் மேலும் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அதன்பிறகும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கே இந்த மடல்.

சத்தம் கேட்டு ஓடி வந்த எல்லோரும் முதலில் கல்லைத்தான் அள்ளப் போனோம். மறித்தவர் பக்கத்து ஒழுங்கை மேசன் அண்ணா. "விழுந்ததை விடுங்கோ, நிக்கிறதைப் பாருங்கோ" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தால், மிச்ச மதிலின் அடியில் வயிறு தள்ளியிருந்தது; கல் இணைப்புகளால் சேறு கசிந்தது. பின்காணி மண் போட்டு உயர்த்தப்பட்டதில் எங்கள் நிலத்தைவிட 3 அடி மேலே நிற்கிறது. மதிலோ எல்லைக்கென்று 6 அங்குலக் கல்லில் கட்டியது, மண்ணைத் தாங்க அல்ல. 3 அடிக்குத் தண்ணீர் தேங்கினால், தண்ணீர் மட்டுமே மதிலின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறத்தாழ 125 கிலோ பாரத்தோடு தள்ளும். ஊறிய மண்ணின் தள்ளல் வேறு. மதிலில் நீர் வடியும் துளைகள் இருந்தும், நிரப்பிய மண் அவற்றை அடைத்துவிட்டது.

பின்காணியில் கான் வெட்டித் தண்ணீரை இறக்க அனுமதி கேட்டு, கொழும்பிலிருக்கும் அதன் சொந்தக்காரருக்கு அந்த நேரத்திலேயே போன் எடுத்தோம். மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். ஒழுங்கைப் பெடியள் மதிலுக்குக் கிட்டப் போகாமல், மேசன் அண்ணா காட்டிய தூரத்தில், வீதி வாய்க்கால் வரை ஒரு கான் வெட்டினார்கள். தேங்கிய தண்ணீர் இறங்க, கசிவும் குறைந்தது. இந்தப் பெடியளைத்தான் நாங்கள் வழக்கமாகக் கிரிக்கெட் பந்துக்காக ஏசுவோம்!

மதில் விளக்குகளின் வயர் அறுந்து வெள்ளத்துக்குள் கிடந்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, விடியும்வரை ஒருவரையும் அந்தப் பக்கம் விடாமல் நின்ற காவலாளி ஐயாவுக்கும், கவிழ்ந்த மோட்டார் சைக்கிள்களிலிருந்து பெற்றோல் மணம் வந்ததும் சிகரெட்டோடு நின்ற ஒருவரைத் துரத்திவிட்ட மூன்றாம் மாடி அக்காவுக்கும் நன்றி.

காலையில் பெக்கோ வந்து நின்றபோது, காப்புறுதி வேலை தெரிந்த தம்பி ஒருவர் அதை மறித்து, ஒவ்வொரு வாகனத்தையும் கல் மேலே கிடந்தபடியே, நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் படமெடுக்க வைத்தார். கல்லை அகற்றிய பிறகு எடுத்தால், எதனால் நசிந்தது என்று காட்ட முடியாதாம். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் அதில் இயற்கை அனர்த்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஆட்டோவுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுந்தான். அதில் சொந்த வாகனத்துக்கு ஒரு சதமும் வராது. கேட்காமலே அதற்காகக் காசு சேர்த்துத் தந்த எதிர்க்கடைக்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம், இரண்டு அலவாங்கும் ஒரு மண்வெட்டியும் எங்களிடம் தங்கிவிட்டன. உரியவர்கள் காவலாளி ஐயாவிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

தொடர்மாடி உரிமையாளர் குழு,
யாழ்ப்பாணம்