ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால்

பாளையங்கோட்டை,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வாடகை ஒப்பந்தமும், உன் மாமா கையெழுத்திட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கும் ஜாமீன் தாளும் வந்து சேர்ந்தன. அடுத்த செப்டம்பரில் குடியேறப்போகும் வீட்டுக்கு நவம்பரிலேயே கையெழுத்துக் கேட்பது கனடாவில் நீ படிக்கும் வாட்டர்லூ ஊரில் வழக்கம் என்று எழுதியிருந்தாய். அதனால் அவசரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு தாள்களையும் மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவனுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும் என்றாலும், ஒரு பத்திரத்தில் யார் எதற்குக் கட்டுப்படுகிறார் என்பதைத் தேடிப் படிப்பது எந்த மொழியிலும் ஒரே வேலைதான்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். நான்கு அறை வீடு, மொத்த வாடகை மாதம் 3,200 டாலர், நீயும் உன்னோடு தங்கப்போகும் மூவருமாக நால்வருக்கும் தலைக்கு 800. வீட்டுக்காரர் உன்னிடம் கடைசி மாத வாடகையாக 800, சேதத்துக்கான டெபாசிட்டாக 500, சாவிக்காக 50, அதோடு பன்னிரண்டு பின்தேதி காசோலைகள் கேட்கிறார். நம் ஊரில் அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். ஐந்து மாத வாடகையைக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வெள்ளையடித்த செலவு, குழாய் செலவு என்று கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்று பழகிவிட்டோம். நீ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் வாடகைச் சட்டத்தில் அப்படிப்பட்ட டெபாசிட்டுக்கே இடமில்லை. ஒரு மாத வாடகைக்கு மேற்படாத கடைசி மாத டெபாசிட் ஒன்றைத்தான் வாங்கலாம். அதையும் கடைசி மாத வாடகையில் மட்டுமே கழிக்க வேண்டும், சுவரில் கீறல் என்று சொல்லி அதில் கை வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை அதற்கு வட்டியும் தர வேண்டும். சாவிக்கான பணம், மாற்றுச் சாவி செய்யும் செலவுக்கு மிகாமலும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது திரும்பக் கிடைப்பதாகவும் இருந்தால் சரி. ஆகவே 800 சரி, 50 அநேகமாகச் சரி, 500 சட்டத்துக்குப் புறம்பானது. பின்தேதி காசோலைகளை நீயாக விரும்பிக் கொடுக்கலாமே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட முடியாது. இந்த 500 டாலரைப் பற்றி அவரிடம் சண்டைக்குப் போகாதே. கேட்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், தெரியாமலும் கேட்பார்கள். மரியாதையாக மின்னஞ்சலில் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கு.

என்னை உறங்கவிடாதது அந்த 500 டாலர் அல்ல, ஜாமீன் தாள்தான். உனக்கு அந்த நாட்டில் சம்பளமும் கடன் வரலாறும் இல்லாததால் அவர் பிணையாளரைக் கேட்கிறார். அப்படிக் கேட்பதை அங்கே சட்டம் அனுமதிக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் மாமா, நீ கேட்டால் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால்தான் நீ கேட்பதற்கு முன் நான் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவை, கையெழுத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சிறிய பத்தியை, மறுபடி படி. ஒன்றுக்கு மேற்பட்ட வாடகைதாரர்கள் இருந்தால், 15-ஆம் பிரிவில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய, ஒவ்வொருவரும் முழு வாடகை உட்பட எல்லாக் கடமைகளுக்கும் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. இது வீட்டுக்காரர் தந்திரமாகச் சேர்த்த வரி அல்ல; ஒன்டாரியோ அரசு பெரும்பாலான வாடகை வீடுகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கும் பொதுப் படிவத்திலேயே அச்சாகியிருப்பது. உன் அறைக்கு 800 என்று நீங்கள் நால்வரும் பேசிக்கொண்டது உங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. வீட்டுக்காரர் பார்வையில் நீ 3,200 டாலர் வீட்டின் வாடகைதாரர், மற்ற மூவரும் அப்படியே.

இதை ஒரு கணக்காக வைத்துப் பார். டிசம்பர் கடைசியில் உங்களில் ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார், அந்த அறைக்கு ஆளும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். ஆகஸ்டுக்கான வாடகையை ஏற்கெனவே கடைசி மாத டெபாசிட்டாகக் கொடுத்தாகிவிட்டது. ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம், மாதம் 800 வீதம் 5,600 டாலர் குறைகிறது. மீதி மூவரும் சமமாகப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 1,867. ஆனால் சமமாகத்தான் பகிர வேண்டும் என்று வீட்டுக்காரரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மூவரில் யாரிடம் பணம் வரும் என்று தெரிகிறதோ அவரிடமே முழுவதையும் கேட்கலாம். நஷ்டத்தைக் குறைக்க அவரும் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான், அது நடப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இப்போது ஜாமீன் தாளுக்கு வா. "வாடகைதாரர்களின் எல்லாக் கடமைகளுக்கும்" என்று பன்மையில் எழுதியிருக்கிறார்கள். தொகையும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. மாமா அதில் கையெழுத்திட்டால் அவர் உனக்காக நிற்கவில்லை, முகம் தெரியாத மூன்று பேருக்கும் சேர்த்து, வருடத்துக்கு 38,400 டாலருக்கு நிற்கிறார். மேலும், அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் குடியிருப்பு முடிவதில்லை. நம் ஊரில் பதினொரு மாதம் முடிந்ததும் புதுப் பத்திரம் எழுதுகிறோம். ஒன்டாரியோவிலோ யாரும் எழுத்து மூலம் நிறுத்தாவிட்டால் அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தானாகத் தொடரும். நீ போன பிறகும் மற்றவர்கள் அதே வீட்டில் இருந்தால், தேதி போடாத ஜாமீன் எதுவரை நீளும் என்பது அப்புறம் வழக்கறிஞர்கள் வாதாடும் விஷயமாகிவிடும்.

1998-இல் மானூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரின் டிராக்டர் கடனுக்கு நான் ஜாமீன் போட்டது உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. அவர் இரண்டு தவணை தவறியதும் கடன் கொடுத்தவர்கள் அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். கடன்காரனுடைய பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரனுடைய பொறுப்பும் அவ்வளவே என்று நம் ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த வேறுவிதத்தை எழுதத் தெரிந்தவனாக இருந்தும் நான் எழுதவில்லை, நட்பில் கேட்கக் கூச்சப்பட்டேன். உன் அம்மாவின் வளையல்கள் அதற்குத்தான் போயின. மாமாவுக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஆகவே வீட்டுக்காரரிடம் இரண்டு திருத்தங்களைக் கேள். ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவில், ஒவ்வொரு வாடகைதாரரும் தம் பங்கான மாதம் 800 டாலருக்கும் தாம் செய்த சேதத்துக்கும் மட்டுமே பொறுப்பு என்று ஒரு வரி. ஜாமீன் தாளில் உன் பெயரை மட்டும் போட்டு, பொறுப்பு மொத்தம் 8,800 டாலருக்கு மேற்படாது, ஆகஸ்டு 31-க்குப் பிந்தைய காலத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. ஏன் 8,800 என்றால், பன்னிரண்டு மாதத்துக்கு 9,600, அதில் கடைசி மாதத்தை நீ முன்பே கொடுத்திருப்பாய். முதல் திருத்தத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அது அவர் உரிமை. அப்படியானால் அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் போடுவாரா என்று கேள், மாணவர் வீடுகளில் அப்படியும் செய்கிறார்கள். இரண்டாவது திருத்தத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஜாமீன் என்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் அங்கே செல்லும். எனவே "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்லும் குறைப்பை நம்பி முழுத் தாளில் கையெழுத்திட்டால், நிற்பது தாள்தான்.

இன்னொரு வரியையும் கவனித்தேன். ஒப்பந்தத்தோடு சேர்த்து, ஆகஸ்டு 31-இல் காலி செய்வதாக இப்போதே ஒரு அறிவிப்பில் கையெழுத்திடச் சொல்கிறார். பல்கலைக்கழகத்தோடு ஏற்பாடு செய்துகொண்டு நடத்தும் விடுதிகளைப் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு; இது போன்ற சாதாரணத் தனியார் வீட்டில், குடியேறும் நிபந்தனையாக வாங்கும் அந்த அறிவிப்பு செல்லாது. நீ உண்மையிலேயே ஆகஸ்டில் கிளம்புவதானால், குறைந்தது 60 நாள் முன்னதாக, N9 என்ற படிவத்தில் நீயே தர வேண்டும்.

திருத்தம் கேட்பதற்கு முன், கையெழுத்திடாத இரண்டு தாள்களையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி அலுவலகத்துக்குக் கொண்டு போ. அவர்களால் எது முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பொதுப் படிவத்தோடு ஒப்பிட்டு, எந்த வரி செல்லாது, எந்த வரி உன்னைக் கட்டும் என்று எடுத்துச் சொல்வார்கள். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் மாணவர் சங்கத்தின் சட்ட உதவிக்கோ இலவச சட்ட மையத்துக்கோ வழிகாட்டுவார்கள். ஆனால் தங்கள் பட்டியலில் வரும் வீடுகளை அவர்கள் போய்ப் பார்த்துச் சான்று தருவதாக எண்ணிவிடாதே. பட்டியலில் இருக்கிறது என்பது விளம்பரம் வந்திருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றையும் உறுதிப்படுத்தாது. உனக்காக அவர்கள் ஜாமீன் நிற்பார்கள் என்றும் எதிர்பார்க்காதே.

வீட்டைப் பற்றி நீயே விசாரிக்க வேண்டியவை இரண்டு. வாட்டர்லூ நகராட்சி வாடகை வீடுகளுக்கு உரிமம் கொடுக்கிறது. இந்த முகவரிக்கு உரிமம் இருக்கிறதா, எத்தனை படுக்கையறைகளுக்கு என்று நகராட்சியிடம் கேள். உரிமத்தில் மூன்று என்று இருந்து விளம்பரத்தில் நான்கு என்று இருந்தால், அந்த நான்காவது அறை எது, அதற்குச் சரியான சன்னல் இருக்கிறதா என்று நேரில் பார். இரண்டாவது, நம் ஊரில் வில்லங்கச் சான்று போடாமல் நான் யாரையும் பத்திரத்தில் கையெழுத்திடவிட்டதில்லை. அங்கேயும் OnLand என்ற நிலப்பதிவுத் தளத்தில் கட்டணம் செலுத்தி அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். பதிவேட்டில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், எந்த அதிகாரத்தில் வாடகைக்கு விடுகிறார் என்ற காகிதத்தைக் கேள். அது வரும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதே.

அந்த வீட்டின் ஓர் அறையில் அவரோ அவர் மகனோ தங்கி, உங்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்வார்களா என்பதையும் கேட்டுவிடு. அப்படியானால் நான் மேலே எழுதிய வாடகைச் சட்டப் பாதுகாப்புகள் உனக்குப் பொருந்தாது, நாம் வேறு வீடு பார்ப்போம்.

மாமாவிடம் நான் இன்னும் பேசவில்லை, நீயும் பேசாதே. தொகையும் தேதியும் போட்டுத் திருத்திய தாள் வந்ததும் எனக்கு அனுப்பு; அதைப் படித்துவிட்டு நானே அவருக்குத் தொலைபேசி செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா