மாமனார், மாமியார், பேரப்பிள்ளைகள்: ஒரு பாட்டு மாலைக்கான கடிதம்

அன்புள்ள வித்யா,

ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் கூடி உட்கார்ந்து பழைய பாட்டு கேட்கலாம் என்று முடிவு செய்துவிட்டாய், பட்டியல் மட்டும் வேண்டும் என்கிறாய். பட்டியல் கடைசியில் வரட்டும். முதலில் ஒரு கணக்கு.

இணையத்தில் "பழைய பாடல்கள்" என்று தேடினால் 1950-லிருந்து 1985 வரை எல்லாம் கலந்துதான் வரும். உனக்கு எல்லாமே பழசு. அவர்களுக்கு அப்படியில்லை. ஒருவர் மனதில் ஆழமாகப் பதிவது ஏறக்குறைய பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்டவை. உன் மாமனார் 1944-இல் பிறந்தவர், அவருக்கு அது 1954 முதல் 1969 வரை. மாமியார் 1950, அவருக்கு 1960 முதல் 1975 வரை. இருவருக்கும் பொதுவான இடம் 1960-களின் பத்து ஆண்டுகள். பட்டியலில் பாதிக்கு மேல் அங்கிருந்து எடு. எல்லைக் கோட்டை ஓரிரண்டு ஆண்டு தள்ளிப் போட்டாலும் தப்பில்லை. சின்ன ஊர்களுக்குப் படம் தாமதமாக வந்தது, பாட்டு பல ஆண்டுகள் வானொலியில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது, எந்தப் பதிவு என்பது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவுகள் கிடைக்கும். சிலவற்றில் பழைய குரலின் மேல் புது டிரம் சத்தத்தை ஏற்றியிருப்பார்கள். "மெருகேற்றியது" என்று போட்டு பாஸை மட்டும் கூட்டியவையும் உண்டு. வயதானவர்களின் காதுக்கு முதலில் மங்குவது மேல் ஸ்தாயி ஒலிகள். சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. பாஸ் கூடினால் அவையும் மூழ்கிவிடும். "சத்தம் போதவில்லை" என்பார் மாமனார். நீ ஒலியைக் கூட்டுவாய், அவருக்கு இரைச்சல்தான் கூடும். ஸ்பீக்கரின் பாஸைக் குறைத்து, அவர் உட்காரும் நாற்காலியிலிருந்து நாலைந்து அடி தூரத்தில், காது உயரத்தில் வை. மூலையில் தரையில் வைத்தால் சுவர் பாஸை இன்னும் பெருக்கிவிடும். காது மெஷின் போட்டிருந்தால் அதில் இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடு. பேச்சுக்கான அமைப்பில் வயலின் நடுங்குவதுபோல் கேட்கும்.

வேகம் மாறிய பதிவுகளும் உண்டு. முகப்பு இசையும் முடிவும் ஒன்றாகவே இருக்க, ஒன்று 3 நிமிடம் 32 விநாடியும் இன்னொன்று 3 நிமிடம் 20 விநாடியும் ஓடினால் ஏதோ ஒன்று வேகம் மாறியது. இந்த 12 விநாடி வித்தியாசமே குரலை ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் உயர்த்திவிடும். உனக்குத் தெரியாது. "இது சுசீலா குரல் மாதிரி இல்லையே" என்று மாமியார் கண்டுபிடித்துவிடுவார். அவர் காதைக் குறை சொல்லாதே. இசைத்தட்டு நிறுவனங்களின் சொந்தச் சேனல்களில் உள்ளதை முதலில் எடு. ஒரே பெயரில் பல படங்கள் இருப்பதால் ஆண்டையும் சேர்த்துத் தேடு.

இனி பாடுவது. கேரியோகி டிராக்குகள் பெரும்பாலும் மூலச் சுருதியிலேயே இருக்கும். டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுகளில் அனுபல்லவியிலோ சரணத்திலோ குரல் உச்சிக்குப் போகும். எண்பது வயதுக் குரல் அங்கே உடையும், அதோடு மனிதர் மைக்கைக் கீழே வைத்துவிடுவார். மாமனாருக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ் அல்லது ஏ.எம்.ராஜா பாட்டு கொடு. மென்மையாக, பேச்சுக் குரலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். மாமியாருக்கு சுசீலா பாட்டு என்றால் ஆப்பில் சுருதியை −3 அல்லது −4 வை. ஒவ்வோர் எண்ணும் ஒரு ஸ்வரஸ்தானம். −5-ஐத் தாண்டினால் வாத்தியங்கள் குழறிப்போகும். முதல் நாளே பாட்டின் உச்ச வரியை மட்டும் பாடச் சொல்லிப் பார், பல்லவி சுலபமாக வந்துவிடும், அதை நம்பாதே. டூயட் வேண்டாம். மாமியாருக்காகக் கீழே இறக்கினால் ஆண் குரலுக்கு அடி ஸ்தாயியில் காற்றுதான் வரும்.

ஒரு மணி நேரத்துக்கு எட்டுப் பாட்டு போதும். பாட்டு மூன்றரை நிமிடம், அதைப் பற்றிய பேச்சு நான்கு நிமிடம். அந்தப் பேச்சை வெட்டாதே, அதற்குத்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"வாராயோ வெண்ணிலாவே" (மிஸ்ஸியம்மா, 1955) கேட்பதற்கு மட்டும். உட்கார்ந்தவுடன் யாரையும் பாடச் சொல்லக் கூடாது. அப்புறம் "மியாவ் மியாவ் பூனைக்குட்டி" (குமுதம், 1961), எம்.எஸ்.ராஜேஸ்வரியின் குழந்தைக் குரல், சின்னவன் உடனே பிடித்துக்கொள்வான். மூன்றாவதாக மாமனார் "காலங்களில் அவள் வசந்தம்", நான்காவதாக மாமியார் "அத்தான் என்னத்தான்". இரண்டும் பாவ மன்னிப்பு, 1961.

ஐந்தாவதை டிவியில் போடு: சர்வர் சுந்தரம் (1964) படத்தின் "அவளுக்கென்ன அழகிய முகம்". பாட்டுப் பதிவுக் கூடத்தையே காட்சியாக வைத்திருப்பார்கள், எம்.எஸ்.விஸ்வநாதனே நின்று இசையை நடத்துவார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிந்த காலம் அது. ஒருவர் தப்பினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. இதைப் பெரியவளிடம் சொல்லிவிட்டு, எத்தனை வகை வாத்தியம் தெரிகிறது என்று எண்ணச் சொல். ஃபோனைக் கீழே வைப்பாள்.

ஆறாவது "விஸ்வநாதன் வேலை வேண்டும்" (காதலிக்க நேரமில்லை, 1964). வேலையை விட்டு நீக்கிய முதலாளி பாலையாவிடம் ரவிச்சந்திரன் கூட்டத்தோடு பாடும் கோஷப் பாட்டு. பேரப்பிள்ளைகள் கோரஸ். முதலாளியாக யாரை உட்கார வைக்கலாம் என்பதை உன் கணவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது "ஆயிரம் நிலவே வா" (அடிமைப்பெண், 1969), எட்டாவது "மச்சானைப் பார்த்தீங்களா" (அன்னக்கிளி, 1976). எஸ்.பி.பி.யும் இளையராஜாவும் வந்துவிட்டதால் நீங்கள் இருவரும் இங்கே சேர்ந்துகொள்ளலாம்.

"வீடு வரை உறவு", "போனால் போகட்டும் போடா" இரண்டையும் இந்த மாலைக்கு வைக்காதே. அருமையான பாட்டுகள்தான். ஆனால் கூடப் பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர் நடுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டியவை அல்ல. அவராகக் கேட்டால் போடு, பாதியில் நிறுத்தாதே.

வரிகளை 24 புள்ளி அளவில் அச்சடி, ஒரு பக்கத்துக்கு ஒரு சரணம். இணையத்து வரிகளில் பிழை நிறைய, ஒருமுறை பாட்டை ஓடவிட்டுத் திருத்து. சில பாட்டுகளில் படத்தில் வரும் சரணம் இசைத்தட்டில் இருக்காது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். அவர்கள் வானொலியில் கேட்டது தட்டுப் பதிவு. கேரியோகி டிராக் எதைப் பின்பற்றுகிறது என்று பார்த்து அச்சடி. இல்லாவிட்டால் அவர் மூன்றாம் சரணத்துக்கு மூச்சு இழுக்கும்போது இசை முடிந்துவிடும்.

அன்புடன்,
சித்தப்பா