பயிர்க் கடன் வட்டிச் சலுகை: ஒரு நாள் கணக்கில் போன 3,820 ரூபாய்

தேதி: 08-07-2024

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வங்கியின் மண்டல அலுவலகம்

பொருள்: தவணைக்குள் கட்டிய பயிர்க் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையை மறுத்தது, நாள் கணக்கில் பிழை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

காவிரிப் படுகையில் நெல் பயிரிடும் விவசாயி நான். உங்கள் கிளையில் கிசான் கடன் அட்டை வைத்திருக்கிறேன். அதில் எடுத்த 1,46,000 ரூபாய்ப் பயிர்க் கடனைக் கடைசி நாளன்று, ஆனால் தவணைக்குள், வட்டியோடு அடைத்துவிட்டேன். ஆதார் இணைத்திருக்கிறேன், கடன் 3 லட்சம் வரம்புக்கு உட்பட்டது, பழைய பாக்கி ஏதுமில்லை. ஆனாலும் உரிய காலத்தில் கட்டுவோருக்கான சலுகை எனக்குக் கிடையாது என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டபோது, அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அதிலிருந்த ஓர் எண்ணைப் பேனா முனையால் தட்டிக் காட்டினார். அந்த எண் 366.

அந்த எண் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

மேட்டூர் அணை திறந்து இரண்டு நாள் கழித்து, 14-06-2023 அன்று, குறுவைக்காக 73,000 ரூபாய் எடுத்தேன். சம்பாவுக்காக 20-09-2023 அன்று இன்னொரு 73,000 எடுத்தேன். முதல் தொகைக்குக் கெடு 13-06-2024 என்று உங்கள் கிளையே பாஸ்புத்தகத்தில் அச்சிட்டுத் தந்திருக்கிறது. அதே 13-06-2024, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குள் இரண்டு தொகைகளையும் சேர்த்துக் கட்டினேன். கிளை கேட்ட வட்டி 8,876 ரூபாய். கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் கவுண்டரில் நின்று வாதாடினால் கெடு நாள் கைநழுவிப் போகும் என்று பயந்து, கேட்டதைக் கொடுத்துவிட்டேன். முத்திரை இட்ட செலானின் நகலை இணைத்திருக்கிறேன்.

இனி என் கணக்கு. 73,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் 5,110 ரூபாய். அதை 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 14 ரூபாய். அதில் சலுகையின் பங்கான 3 சதவீதம் 6 ரூபாய்; விவசாயி கட்ட வேண்டிய 4 சதவீதம் 8 ரூபாய். இப்படிப் பிசிறில்லாமல் வருவதால் தாளும் பேனாவும் போதும்.

முதல் தொகை என் கையில் இருந்தது 365 நாள். இரண்டாவது 267 நாள். ஆக 7 சதவீதத்தில் முழு வட்டி 5,110 + 3,738, மொத்தம் 8,848 ரூபாய். சலுகை 2,190 + 1,602, மொத்தம் 3,792 ரூபாய். கழித்தால் நான் கட்ட வேண்டியிருந்தது 5,056 ரூபாய். கிளை வாங்கியதோ 8,876. அதாவது சலுகை 3,792 ரூபாயும், அதற்குமேல் 28 ரூபாயும்.

அந்த 28 ரூபாயைச் சில்லறை என்று தள்ளிவிடாதீர்கள்; முடிச்சு அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நாள் வட்டி, 14 ரூபாய், கூடுதலாகப் போடப்பட்டிருக்கிறது. பணம் எடுத்த நாளையும் திருப்பிக் கட்டிய நாளையும் இரண்டையுமே உங்கள் கணினி எண்ணுகிறது. இன்று காலை வாங்கிய பணத்தை நாளைக் காலை திருப்பித் தந்தால், அது ஒரு நாள் கடன். உங்கள் எண்ணிக்கையில் அது இரண்டு நாள். அப்படி எண்ணியதால்தான் எனது 365 நாள் 366 ஆனது. 365 ஐத் தாண்டிவிட்டது என்று சலுகையும் பறிபோனது.

இவ்வளவு நாளும் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். சாதாரண ஆண்டில் ஜூன் 14 முதல் அடுத்த ஜூன் 13 வரை இரு முனைகளையும் சேர்த்து எண்ணினாலும் 365 தான் வரும். ஒரு நாள் வட்டி கூடுதலாகப் போகும், ஆனால் சலுகை தப்பித்துவிடும். இந்த முறை இடையில் 2024 பிப்ரவரி 29 வந்து புகுந்துகொண்டது. லீப் ஆண்டு பிறந்தால் உங்கள் கணினியில் ஓர் ஆண்டு ஒரு நாள் குறைந்துபோகிறது!

ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலில் 365 நாள் என்ற வரம்பு எங்குமில்லை. கடன் வழங்கிய நாளிலிருந்து உண்மையில் திருப்பிக் கட்டிய நாள் வரை, அல்லது வங்கி நிர்ணயித்த கெடு வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, அதிகபட்சம் ஓர் ஆண்டுக்குச் சலுகை உண்டு என்பதே விதி. ஓர் ஆண்டு என்றால் எவ்வளவு என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால், உங்கள் வைப்புநிதிப் பிரிவைக் கேளுங்கள். 14-06-2023 அன்று ஓராண்டு வைப்புநிதி போட்டிருந்தால் அது 14-06-2024 அன்றுதான் முதிர்ந்திருக்கும். நான் கட்டியது அதற்கும் முந்திய நாள். நாங்கள் பணம் போட்டால் ஆண்டு நீளம், நாங்கள் பணம் வாங்கினால் ஆண்டு குட்டையா?

இன்னொன்றும் கேட்கிறேன். 366 என்பதையே சரி என்று வைத்துக்கொண்டாலும், செப்டம்பரில் எடுத்த தொகைக்கு உங்கள் எண்ணிக்கையிலேயே 268 நாள்தானே ஆகிறது? அதற்கான 1,602 ரூபாயை எந்த நியாயத்தில் நிறுத்தினீர்கள்? “கணக்கு ஒன்றுதான், ஒன்று தவறினால் எல்லாம் தவறியது” என்றார் அதிகாரி. சலுகை ஒவ்வொரு தொகைக்கும் அது எடுக்கப்பட்ட நாளிலிருந்து தனித்தனியாக ஓடுகிறது. வட்டி போடும்போது இரண்டு தொகைகளுக்கும் தனித்தனித் தேதியைப் பார்க்கத் தெரிந்த கணினிக்கு, சலுகை தரும்போது மட்டும் அது மறந்துவிடுகிறது.

இந்த 3 சதவீதம் வங்கியின் பணமும் அல்ல. மத்திய அரசிடம் கேட்டுப் பெற்று விவசாயியின் கணக்கில் சேர்க்க வேண்டிய தொகை. கிளை கேட்டு அனுப்பாவிட்டால் அது எனக்கு வந்து சேர வேறு வழியில்லை. ஆகவே என் கடன் தவணைக்குள் அடைக்கப்பட்டது என்று பதிவைத் திருத்தி, கிசான் ரின் போர்ட்டலில் கோரிக்கையைச் சேர்க்க வேண்டும். 3,820 ரூபாயை என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நாள் கணக்கிட்ட விவரத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன பதில் போதாது.

என்னைப் போலவே 2023 மார்ச் முதல் ஜூன் வரை கடன் எடுத்து, கெடுவின் கடைசி நாளில் கட்டியவர்களின் கணக்குகளையும் எடுத்துப் பாருங்கள். அதே 366 அவர்களுக்கும் விழுந்திருக்கும். அறுவடைப் பணத்தைக் கடைசி நாள் வரை கையில் வைத்திருப்பது எங்கள் ஊரில் சோம்பேறித்தனம் அல்ல. அடுத்த நடவுக்கு நாற்றங்கால் செலவு அதில்தான் நடக்கிறது.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வரும் பதில் இந்தக் கணக்குக்கு விடையாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இதே கடிதத்தை அனுப்புவேன்.

இப்படிக்கு,
கிசான் கடன் அட்டை வாடிக்கையாளர்

இணைப்பு: பாஸ்புத்தகப் பக்கங்கள், 13-06-2024 தேதியிட்ட செலான், கடன் கணக்கு அறிக்கை.